ஜெர்மன் நிகழ்ச்சி நிரலைப் படித்து வரவேற்புரை எழுதுவது: பொறையாறு விழாவுக்கு ஒரு பதில்

கேள்வி: பொறையாறு பக்கம் எங்கள் வாசகர் வட்டத்தின் விழாவுக்கு வருகிற ஜூலை 9 அன்று ஜெர்மனியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் போனில் படமெடுத்து அனுப்பிய நிகழ்ச்சி நிரல் முழுக்க ஜெர்மன் மொழியில் இருக்கிறது. வரவேற்புரை என் தலையில் விழுந்துவிட்டது. "வணக்கம்" போல ஒரு சொல் இரண்டு இடத்தில் வருகிறது, அதில் எது என் இடம்? என்.என். என்ற விருந்தினர் யார், அவரை எப்படி விளிப்பது? "பலி" என்று ஒரு வரி வேறு வருகிறது, ஒன்றும் புரியவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். சின்னதாக ஓர் உரையும் எழுதித் தர முடியுமா?

பதில்:

என்.என். என்று ஒருவர் வரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் உரையின் நீளமே அந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் நிரல்களில் ஒரு பொறுப்புக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை என்றால், பெயர் வரவேண்டிய இடத்தில் இப்படிப் போடுவார்கள். "பெயர் பின்னர் அறிவிக்கப்படும்" என்பதைக் குறிக்கும் இலத்தீன் சுருக்கம் அது. உங்கள் படத்தில் அது கடைசிக்கு முந்திய வரியில், "ஊபர்ஸெட்ஸுங்" என்ற சொல்லுக்கு எதிரே இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு என்று பொருள். ஆக, மேடையில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் ஆள் இன்னும் அமையவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்வீர்கள் என்று அவர்களும், அவர்கள் அழைத்து வருவார்கள் என்று நீங்களும் இருந்துவிட்டால், 4 மணிக்கு இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்றே குழுத் தலைவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: மொழிபெயர்ப்பாளர் யார், அவர் ஜெர்மனில் சொல்வாரா ஆங்கிலத்தில் சொல்வாரா? அந்தப் பதில் வந்த பிறகுதான் உரையை முடிவு செய்ய முடியும். மொழிபெயர்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

இனி நிரலை வரிசையாகப் பார்ப்போம். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை, படத்தில் உள்ளபடி நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

தலைப்பில் 9 என்ற எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி இருக்கிறது. எண்ணுக்குப் பின் புள்ளி வைத்தால் ஜெர்மனில் அது "ஆம்" விகுதி, அதாவது 9-ஆம் தேதி. நாளும் மாதமும் நம் வரிசையிலேயே வரும், அமெரிக்கர்களைப்போல மாறி வராது. பக்கத்தில் உள்ள "தோனர்ஸ்டாக்" வியாழக்கிழமை. 2026 ஜூலை 9-ம் வியாழன்தான், ஆகவே தேதியில் குழப்பமில்லை. தேதியையும் கிழமையையும் இப்படிப் பொருத்திப் பார்ப்பது அரை நிமிட வேலை. பழைய நிரலைத் திருத்தி அனுப்பும்போது தேதியை மாற்றிவிட்டுக் கிழமையை மறந்துவிடுவது எந்த நாட்டிலும் நடக்கும்.

நேரம் எல்லாம் 24 மணிக் கணக்கு. 15:30-க்கு வருகை, அதாவது பிற்பகல் மூன்றரை. 16:00-க்கு எதிரே "பெக்ரூஸுங்" என்றும் அடைப்பில் "காஸ்ட்கேபர்" என்றும் இருக்கிறது. இதுதான் உங்கள் இடம். காஸ்ட்கேபர் என்றால் விருந்தளிப்பவர், அதாவது நீங்கள். 16:10-க்கு வரும் "க்ரூஸ்வோர்ட்" உங்களுடையது அல்ல. இரண்டு சொல்லிலும் "வணக்கம்" என்ற பொருளுள்ள ஒரே வேர் இருப்பதால்தான் குழம்பியிருக்கிறீர்கள். நம் அழைப்பிதழ் மொழியில் சொன்னால் சட்டென்று விளங்கும்: பெக்ரூஸுங் வரவேற்புரை, க்ரூஸ்வோர்ட் வாழ்த்துரை. முதலாவது விழா நடத்துபவர் சொல்வது, இரண்டாவது வந்தவர் தன் ஊர் சார்பில் சொல்வது. இந்தச் சொற்களில் ஆங்கில பி எழுத்தைப்போல ஒன்று நடுவில் தெரிகிறதே, அது பி அல்ல, இரட்டை ஸ. அகராதியில் பி போட்டுத் தேடியதால்தான் உங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இரண்டு எஸ் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

இரண்டுக்கும் நடுவே 16:05-இல் காகிதத்தின் மடிப்பு ஓடுகிறது. அந்த வரிதான் உங்களை "பலி" என்று பயமுறுத்தியது. மடிப்புக்கு மேலே தெரிவது "கெடென்க்மினூட்டே", அதாவது நினைவு நிமிடம், நாம் மௌன அஞ்சலி என்போமே, அது. மடிப்புக்குள் மங்கலாக "ஓப்ஃபர்" என்ற சொல்லும் 2004 என்ற எண்ணும் இருக்கின்றன. ஓப்ஃபர் என்ற சொல்லுக்கு ஜெர்மனில் இரண்டு வேலை. கோவிலில் கொடுக்கும் பலி, காணிக்கை என்பது ஒன்று. விபத்திலோ பேரிடரிலோ உயிரிழந்தவர், பாதிக்கப்பட்டவர் என்பது மற்றொன்று. அகராதியில் முதலில் நிற்பது முதல் பொருள். பக்கத்தில் 2004 இருப்பதால் இங்கே இரண்டாவது பொருள்தான்: 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. உறுதி செய்துகொள்ள அந்தத் தாளை விரித்து, நிழலில் வைத்து, நேர் மேலிருந்து மறுபடி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மடிப்பில் இன்னொரு வரி ஒளிந்திருக்கவும் கூடும்.

உங்கள் உரையின் தொனியை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. நம் ஊர் வரவேற்புரை வழக்கமாக எப்படி முடியும்? "பலத்த கரவொலி எழுப்பி வரவேற்போம்" என்று. கைத்தட்டலும் சிரிப்பும் அடங்குவதற்குள் மௌன அஞ்சலி என்று அறிவித்தால் அரங்கம் தடுமாறும். பாதிப் பேர் எழுந்திருப்பார்கள், பாதிப் பேர் இன்னும் தட்டிக்கொண்டிருப்பார்கள். தரங்கம்பாடிக் கடற்கரையில் அந்த டிசம்பர் 26-ஆம் தேதியில் வீட்டு ஆளை இழந்தவர்கள் முன்வரிசையில் இருக்கப்போகிறார்கள். அதனால் உங்கள் உரை கலகலப்பாகத் தொடங்கலாம், ஆனால் கடைசி மூன்று வாக்கியத்தில் குரல் தணிந்து, கைத்தட்டலுக்கு இடம் கொடுக்காமல் நேரே அஞ்சலியில் போய் நிற்க வேண்டும். அஞ்சலிக்கு எதிரே யார் பெயரும் இல்லை. பெயரில்லாத வரியை யாரும் எடுக்க மாட்டார்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி வரிகள். 16:10-இல் வாழ்த்துரை சொல்பவர் பெயருக்கு முன் உள்ள பதவி நகரத் தலைவர், மேயர். ஆனால் பதவிக்குப் பின்னால் ஏ.டி. என்று இரண்டு எழுத்து நிற்கிறது. பதவியிலிருந்து விலகியவர் என்று அதற்குப் பொருள், ஆகவே "முன்னாள் மேயர்". 16:25-இல் "ஃபெஸ்ட்ஃபோர்ட்ராக்" என்றிருப்பது சிறப்புரை. அதைச் செய்பவர் போதகர், முனைவர். அவர் பதவியோடு ஐ.ஆர். என்று இருக்கிறது, அது பணி ஓய்வு பெற்றவர் என்பதன் சுருக்கம். இந்த இரண்டு சுருக்கத்தையும் படிப்புப் பட்டம் என்று நினைத்துப் பெயரோடு சேர்த்து வாசித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

16:15-இல் உள்ள "போஸவுனென்கோர்" என்ற சொல்லின் பின்பாதி பாடகர் குழு போலத் தெரியும். அவர்கள் பாட மாட்டார்கள், ஊதுவார்கள். ட்ரம்போன், ட்ரம்பெட் போன்ற பித்தளைக் காற்றுக்கருவிகள் வாசிக்கும் திருச்சபைக் குழுவுக்கு அந்தப் பெயர். நம் கல்யாண பேண்டின் கருவிகள்தான், இசை வேறு. "பாடகர்களை வரவேற்கிறேன்" என்று சொல்லாதீர்கள். மேடையில் ஆளுக்கொரு மைக்கும் வைக்க வேண்டாம், வைத்தால் காது போய்விடும்.

16:50-இல் ஒன்றைக் கையளிப்பது, பக்கத்தில் 1.500 யூரோ. ஜெர்மனில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி போடுவார்கள், தசமத்துக்குத்தான் காற்புள்ளி. நமக்கு நேர் எதிர். ஆகவே அது ஒன்றரை யூரோ அல்ல, ஆயிரத்து ஐந்நூறு. அந்தத் தொகையை வரவேற்புரையில் சொல்லவே கூடாது. கொடுப்பவர் தன் வாயால் சொல்ல வைத்திருக்கும் செய்தி அது, அதற்கு நன்றி சொல்லும் இடம் நன்றியுரை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும்கூட டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளைக் கணக்கு வழியாகத்தான் பெற வேண்டும். வாசகர் வட்டம் மேடையில் உறையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டால் அது தலைவலியாகத் திரும்பும். விழாவுக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, அந்த வரியை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அவர்களிடம் பேசுங்கள்.

17:00-இல் "இம்பிஸ்". சிற்றுண்டி என்று மட்டும் பொருள். இலை போட்டுச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தால் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

புறப்பாடு கையெழுத்தில் திருத்தப்பட்டிருக்கிறது: "ஹால்ப் ஸெக்ஸ்". சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "பாதி ஆறு" என்று வரும். நம் காதுக்கு அது ஆறரை. ஜெர்மானியருக்கு அது ஐந்தரை, ஆறாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கூட்டம் ஆறரை வரை நடக்கும் என்று நினைத்து உள்ளூர்ப் பேச்சாளர் இருவரைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் இல்லை. 5:30-க்குப் பேருந்து கிளம்பிவிடும்.

மூலையில் கையால் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையை 11 என்று வாசித்தீர்களா? அது 17. ஜெர்மானியர் கையெழுத்தில் 1-க்குக் கீழிருந்து மேலே ஒரு நீண்ட சாய்கோடு இருக்கும், பார்க்க நம் 7 போலவே தெரியும். அதனால் 7-ஐப் பிரித்துக் காட்ட நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். உங்கள் படத்தில் இரண்டாவது இலக்கத்துக்குக் குறுக்குக் கோடு இருக்கிறது.

நிரலின் அடியில் உள்ள சிறிய வரி, மாறுதலுக்கு உட்பட்டது என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கையில் உள்ள நேரத்தை எண்ணுங்கள். 16:00 முதல் 16:05 வரை ஐந்து நிமிடம். நிரலில் அவர்கள் தமிழ்த்தாய் வாழ்த்தைச் சேர்க்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு 55 விநாடி, ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கு நிமிடம். ஒவ்வொரு துண்டையும் மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் எடுக்கும் நேரம் உங்கள் நேரத்துக்குக் குறையாது. ஆக நீங்கள் தமிழில் பேசக்கூடியது இரண்டு நிமிடத்துக்கும் கீழே. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 தமிழ்ச் சொல் போகும். 150 சொல்லைத் தாண்டக் கூடாது என்பது இதிலிருந்து வருகிற கணக்கு.

பொன்னாடையை வரவேற்புரைக்குள் கொண்டுவராதீர்கள். ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் நடந்து வந்து, போர்த்தி, படம் எடுத்து முடிக்க 25 விநாடி என்றாலும் 17 பேருக்கு ஏழு நிமிடம் ஆகிறது. மூன்றரை மணிக்கு அவர்கள் இறங்கும்போது வாசலிலேயே எல்லோருக்கும் போர்த்திவிட்டால் மேடை மிச்சம், அவர்களுக்கும் அது இயல்பாக இருக்கும். மேடையில் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், குழுத் தலைவர் ஒருவருக்கு மட்டும்.

விளிப்பதில் ஒரு சங்கதி. ஜெர்மனில் வயது வந்த எந்தப் பெண்ணுக்கும் "ஃப்ராவ்" என்றே போடுவார்கள், மணமானவரா இல்லையா என்று அதிலிருந்து தெரியாது. அதனால் திருமதி, செல்வி இரண்டையும் விட்டுவிட்டுப் பெயரோடு "அவர்கள்" சேர்த்தால் போதும். ஆண்களுக்குத் திரு. பெயரில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர், முன்னொட்டு அதோடுதான் சேர வேண்டும். நம் வழக்கப்படி முதல் பெயரோடு திரு சேர்த்தால் அவர்களுக்கு வேடிக்கையாகக் கேட்கும். உச்சரிப்பு: டபிள்யூ வந்தால் வ, வி வந்தால் பெரும்பாலும் ஃப, ஜே வந்தால் ய, இசட் வந்தால் ட்ஸ. ஈ-ஐ என்ற இரண்டு எழுத்து சேர்ந்தால் "ஐ" என்றும், ஐ-ஈ சேர்ந்தால் "ஈ" என்றும் சொல்ல வேண்டும். பெயர்களைத் தமிழில் எழுதி, வந்து இறங்கியதும் ஒருமுறை அவர்களிடமே சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அரை மணி இருக்கிறதே.

வரலாற்றை எவ்வளவு சொல்வது என்பதில்தான் வரவேற்புரைகள் கெடுகின்றன. 25 நிமிடச் சிறப்புரை ஒன்று பின்னால் வருகிறது, அந்தப் போதகர் இதற்காகவே தயாரித்துக்கொண்டு வருகிறார். நீங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர் கையில் என்ன இருக்கும்? ஜூலை 9 என்ற நாளை மட்டும் தொட்டுவிட்டு விலகிவிடுங்கள். 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சௌவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள் அது, விருந்தினர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். தொடும் ஒரு வரியிலும் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, அவர்களை டேனிஷ்காரர் என்று சொல்லிவிடுவது. டேன்ஸ்போர்க் கோட்டை 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது, அந்த இருவரை அனுப்பியவரும் டென்மார்க் அரசர்தான். ஆனால் அவர்கள் இருவரும் ஜெர்மானியர், ஹாலே நகரத்தில் படித்தவர்கள். ஜெர்மன் விருந்தினர் முன்னால் இதைத் தவறாகச் சொன்னால் முகம் மாறும். இரண்டு, "தமிழின் முதல் அச்சுப் புத்தகம் எங்கள் ஊரில்தான்" என்று பெருமை பேசுவது. தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது 1578-இல். புதிய ஏற்பாடு என்று குறிப்பிட்டுச் சொன்னால் பெருமை குறையாது, பிழையும் இருக்காது. நான் உரையில் அதையும் போதகருக்கே விட்டுவிட்டேன்.

இதோ உரை. ஒவ்வொரு பத்தியும் ஒரு துண்டு. அதன் முடிவில் நிறுத்தி மொழிபெயர்ப்பாளரைப் பார்க்க வேண்டும்.

"அனைவருக்கும் வணக்கம். ஹெர்ட்ஸ்லிஹ் வில்கோமன். வாசகர் வட்டத்தின் சார்பில் எல்லோரையும் வருக வருக என்று வரவேற்கிறேன்.

காவிரி குடகில் பிறந்து, வழியெல்லாம் வயல்களுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியாக வந்து சேரும் பகுதி இது. இதைக் கடைமடை என்போம்.

கடைமடைக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். தண்ணீர் வருகிறது என்றால் வாய்க்கால் கரைக்கே போய் நின்று பார்ப்போம். இன்று உங்களுக்காகவும் அப்படித்தான் வாசலில் நின்றோம்.

1706-இல் இதே ஜூலை 9 அன்று உங்கள் நாட்டவர் இருவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அந்தக் கதையைச் சொல்லவே ஓய்வுபெற்ற போதகர் முனைவர் ……… அவர்கள் வந்திருக்கிறார். அவரை வரவேற்கிறேன்.

குழுவை அழைத்து வந்திருக்கும் ……… அவர்களையும், முன்னாள் மேயர் ……… அவர்களையும், காற்றுக்கருவி இசைக் கலைஞர்களையும் வரவேற்கிறேன்.

எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர், மீனவப் பஞ்சாயத்தார், நூலகர், ஆசிரியர்கள், மாணவர்கள், ஊர்ப் பெரியோர் எல்லோரும் வருக.

2004 டிசம்பர் 26 எங்கள் கடற்கரையிலிருந்து பலரைக் கொண்டுபோனது. அவர்களுக்காக ஒரு நிமிடம் வேண்டும் என்று விருந்தினர்களே கேட்டிருக்கிறார்கள்.

எழுந்து நிற்போம்."

சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வாழ்த்து ஒரே ஒருமுறை, தொடக்கத்தில். "மனமார்ந்த நல்வரவு" என்று பொருள். "லிஹ்" என்பதை ஷ்-க்கும் ஹ-வுக்கும் நடுவே மெல்ல மூச்சுவிடுவதுபோலச் சொல்ல வேண்டும், வராவிட்டால் "லிஷ்" என்றே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். அதற்கு மேல் ஜெர்மனில் முயல வேண்டாம். "வருக வருக" என்பதும் ஒருமுறைதான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அதைச் சேர்த்தால் மொழிபெயர்ப்பாளர் நாலாவது முறை அதை விழுங்கிவிடுவார்.

கடைமடை என்ற சொல் எந்த மொழிபெயர்ப்பாளரையும் மேடையில் திணறடிக்கும். உரையை முதல் நாளே அவரிடம் கொடுத்து, பாசனக் கால்வாயின் கடைசி முனை என்று விளக்கிவிடுங்கள். அவர் சென்னைக்காரராக இருந்தால் தமிழிலேயே அந்தச் சொல் அவருக்குப் புதிதாக இருக்கலாம். மேட்டூர் திறப்பு, குறுவை என்று இன்னும் நீட்ட ஆசை வரும். அந்த ஆண்டு ஜூன் 12-இல் அணை திறந்ததா, தண்ணீர் உங்கள் பக்கம் வந்ததா என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சு கூட்டத்தில் முணுமுணுப்பைக் கிளப்பும். விட்டுவிடுங்கள்.

உள்ளூர்ப் பெரியவர்களைப் பெயரில்லாமல் பதவியால் மட்டும் அழைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். விருந்தினர் அனுப்பிய நிரலில் நம் ஆட்கள் பெயர் ஒன்றுமே இல்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் எல்லோர் பெயரையும் சொல்ல வேண்டிவரும், யாராவது ஒருவர் விட்டுப்போவார், அந்த மனத்தாங்கல் அடுத்த திருவிழா வரை ஓடும். பேரூராட்சித் தலைவருக்கு மேடையில் நாற்காலி உண்டென்றால் அவர் பெயரை மட்டும் சேருங்கள்.

கடைசி வரியை ஏன் தனித் துண்டாக வெட்டினேன் தெரியுமா? "எழுந்து நிற்போம்" என்று தமிழில் சொன்னதும் நம் ஆட்கள் எழுந்துவிடுவார்கள், நாற்காலிச் சத்தத்தில் மொழிபெயர்ப்பு கேட்காது, விருந்தினர்கள் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முந்திய துண்டு மொழிபெயர்ந்து முடியும் வரை பொறுங்கள். அவர்கள் முகத்தில் புரிந்தது தெரிந்த பிறகு அந்த இரண்டு சொல்லைச் சொல்லிக் கையாலும் காட்டுங்கள். ஒரு நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். மேடைப் பதற்றத்தில் இருபது விநாடியே ஒரு நிமிடம்போலத் தோன்றி, முடித்துவிடுவோம். முடிந்ததும் "நன்றி, அமரலாம்" என்று சொல்லி இறங்கிவிடுங்கள், அடுத்து வருபவரை அறிமுகம் செய்வது தொகுப்பாளர் வேலை.

உரையை நாலு மடிப்புத் தாளில் எழுதாதீர்கள். ஒரு துண்டுக்கு ஓர் அட்டை, எட்டு அட்டை, மூலையில் எண். கடற்கரைக் காற்றில் தாள் பறக்கும், அட்டை நிற்கும்.

பேருந்து தாமதமானால் எதை வெட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 5:30 புறப்பாடு நகராது. 4:15-க்கு வந்தால் இரண்டாம், மூன்றாம் துண்டை எடுத்துவிட்டு முதல் துண்டிலிருந்து நேரே நான்காவதுக்குப் போங்கள். 4:30 தாண்டிவிட்டால் முதல் துண்டு, ஐந்தாவது, ஆறாவது, பிறகு அஞ்சலி. அப்போது போதகர் பெயரை ஐந்தாவது துண்டில் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள், ஏனென்றால் அவர் பெயர் இருந்தது நான்காவதில். வெட்டும்போது எந்த அட்டையை எடுத்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் கையில் பழைய தாள் இருக்கும், நீங்கள் சொல்லாததையும் அவர் சொல்லிவிடுவார்.